கிங்கிணி மினி: மும்பைக்காரர் வாயிலும் உடையாத ஒரு பெயர்

"நான் எழில். தாராவியில இருக்கேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறு வருஷம் பரதம் கத்துக்கிட்டேன். இப்போ கால்ல சலங்கை, மேல ஹூடி, அடவையும் ஹிப்ஹாப்பையும் கலந்து ரீல்ஸ் போடுறேன். ஐடி ezhil_thakathimi_07. மேடையில யாரு இதை வாசிச்சாலும் தப்பாத்தான் வாசிக்கிறாங்க. வீடியோ பிடிச்சவங்களும் தேடினா கிடைக்கலங்கிறாங்க. வாயால சொன்னா தாளமா ஒலிக்கணும், ஒரு தடவை கேட்டா மறக்கக் கூடாது. என்ன பேர் வைக்கலாம்? வீட்ல என்னை மினின்னு கூப்பிடுவாங்க."

எழில், kinginimini என்று வையுங்கள். வாயால் சொல்லும்போது 'கிங்கிணி மினி'. ஏன் இது, உங்கள் சொந்தப் பெயரும் தகதிமியும் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காரணம் புரிந்தால், இந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் நீங்களே இன்னொன்றைச் செய்துகொள்ளலாம்.

நான் மாட்டுங்காவில் இருபது வருடத்துக்கு மேலாக நட்டுவாங்கம் செய்கிறேன். பொங்கல், நவராத்திரி மேடைகளில் ஆடுபவர்களின் பெயரை அறிவிக்கும் வேலையும் என்னிடம்தான் வந்து சேரும். ஆகவே ஒரு பெயர் காகிதத்திலிருந்து வாய்க்கு வந்து, வாயிலிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து மறுபடியும் ஒருவரின் போனில் எழுத்தாக விழும் அந்தச் சுற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்று முழுதாக முடிய வேண்டும். நீங்கள் எழுதியது எதுவோ அதுவே, பெயரை ஒரு முறை கேட்டவரின் போனிலும் விழ வேண்டும். தாளம், நினைவு எல்லாம் அதற்குப் பிறகுதான். மும்பையில் இந்தச் சுற்று கடினமானது, ஏனென்றால் உங்கள் பெயரைச் சொல்லும் வாய் இந்தியோ மராத்தியோ குஜராத்தியோ பேசும் வாய். அதே பெயரை ஊரில் இருக்கும் உங்கள் சித்தியும் தட்டச்சு செய்வார்.

முதலில் எழில். ழ-வை நாம் zh என்று எழுதுகிறோம். அது நமக்குள் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழ் தெரியாதவர் zh-ஐப் பார்த்தால் z என்றுதான் படிப்பார், 'எஸில்' என்பார். நீங்களே திருத்தமாக 'எழில்' என்று சொன்னாலும், கேட்பவர் அதை l என்றோ r என்றோ எழுதுவாரே ஒழிய zh என்று எழுத அவருக்குத் தோன்றாது. மராத்தியில் ள உண்டு, இந்தியில் அதுவும் கிடையாது, ழ இரண்டிலும் இல்லை. எழில் அழகான பெயர், வீடியோவுக்குள் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஐடியில் மட்டும் வேண்டாம்.

அடுத்தது தகதிமி. இதுதான் உங்களுக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கிறது, ஏனென்றால் என் பிழைப்பே இந்தச் சொற்கட்டுகளில்தான் இருக்கிறது. நாம் த என்ற எழுத்தை ஆங்கிலத்தில் th என்று எழுதிப் பழகியவர்கள். இந்தி, மராத்திக்காரர்களுக்கு அதே ஒலி வெறும் t. அவர்களுக்கு th என்றால் மூச்சை அழுத்தி விட்டுச் சொல்லும் வேறொரு த. ஆகவே thaka என்று நீங்கள் எழுதியதை ஒரு இந்திக்காரர் படிக்கும்போது அவர் காதில் ஒலிப்பது 'களைத்துப் போனவன்' என்ற அவர்கள் சொல். துள்ளி ஆடும் பெண்ணின் பெயருக்கு நடுவில் களைப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சரி, அவர்கள் வழியில் takadimi என்று எழுதிவிடலாமே என்று நினைப்பீர்கள். அப்போது உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் thakathimi, thagadhimi என்று தேடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தகிட என்ற மூன்றே எழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்வோம். த-வுக்கு t அல்லது th, க-வுக்கு k அல்லது g, ட-வுக்கு t அல்லது d. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, எட்டு விதமாக எழுதலாம், எட்டும் யாரோ ஒருவருக்குச் சரிதான். அதில் ஒன்றுதான் நீங்கள், மற்ற ஏழும் வேறு யார் வீட்டுக் கதவோ. வீடியோ பிடித்தும் உங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பவர்கள் இந்த ஏழு கதவுகளைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஆடும் பெண்களிடம் சொல்வது இதுதான்: பெயரில் எத்தனை இடத்தில் எழுத்து இரண்டாகப் பிரிகிறது என்று எண்ணுங்கள். ஒரு பிரிவு இருந்தால் சமாளிக்கலாம், இரண்டாவது எழுத்துக்கோவையையும் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்று வந்தால் வேறு பெயர் தேடுங்கள். த, ட, ழ, ச, வ எல்லாம் பிரியும் எழுத்துகள். ச-வை s, sh, ch மூன்றாலும் எழுதுவார்கள். வ-வுக்கு v-யும் w-வும் வரும். ஆ, ஊ போன்ற நெடில்களில் ஒருவர் ஒற்றை எழுத்தும் இன்னொருவர் இரட்டை எழுத்தும் போடுவார். ம, ந, ல, ர, ஜ ஆகியவை அநேகமாகப் பிரியாது. க இடத்தைப் பொறுத்தது: சொல்லின் தொடக்கத்தில் உறுதியாக k, நடுவில் மெல்லினத்துக்குப் பிறகு வந்தால் உறுதியாக g, வேறு இடங்களில்தான் தடுமாறும்.

எழுத்து ஒத்து வந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. நம் ஆட்ட உலகத்துச் சொற்கள் பல, பக்கத்து மொழியில் வேறொன்றாக இருக்கின்றன. சில வருடம் முன்பு செம்பூரில் ஒரு குடியிருப்பு விழா மேடை. நன்றாக ஆடும் ஒரு பிள்ளை jathi என்ற சொல்லை வைத்து ஐடி வைத்திருந்தாள். அறிவிப்பாளர் அதை வாசித்ததும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. நமக்கு ஜதி என்றால் தாளக்கட்டு. அவர்கள் காதில் அது சாதி. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, முகம் வாடிப்போய் ஆடினாள். பறை அடவு ஆடுபவர்கள் parai என்று வைத்தால் இந்தியில் அது 'அந்நியமானவள், அடுத்தவர் வீட்டுப் பெண்' என்ற பொருளில் விழும். kuthu என்று எழுதினால் அவர்களுக்கு நாயைக் குறிக்கும் சொல்லுக்கு மிக அருகில் போய் நிற்கும். ஜல் ஜல் என்று சலங்கை ஒலியை வைக்கலாமென்றால், இந்தியில் ஜல் என்பது தண்ணீர், எரி என்ற பொருளும் உண்டு. ஜம் ஜம் என்றால் ஜ-வும் ஸ-வும் கலந்து புனித நீரின் பெயராகக் கேட்கும், அந்த விளையாட்டே நமக்கு வேண்டாம். இவை எல்லாம் நமக்கு உயிரான சொற்கள். தமிழ் மேடையில் கம்பீரமாக நிற்கும். பொது மேடையில் ஐடியாக வரும்போது மட்டும் சுமை ஏறிக்கொள்கிறது.

இனி தாளத்துக்கு வருவோம். 'தாளமாக ஒலிக்கணும்' என்கிறீர்கள். தாளத்தின் பெயரைச் சொல்வதால் ஒரு பெயருக்குத் தாளம் வந்துவிடாது. எங்கே கனம் விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. பள்ளியில் படித்த அசை பிரிப்பு இங்கே அப்படியே உதவும். தனிக் குறிலோ நெடிலோ, தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேர். இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரை. நேரசை கால் பதித்துத் தட்டுவது போல, நிரையசை ஒரு சின்ன ஓட்டம் போல.

உங்கள் பழைய பெயரைப் பிரித்துப் பாருங்கள். எழில், நிரை. தக, நிரை. திமி, நிரை. மூன்றும் ஓட்டம், எங்கும் கால் ஊன்றவில்லை. தகதிமியை மிருதங்கத்தில் கேட்கும்போது அது நிற்பதற்குக் காரணம், அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டு வந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. பெயராகத் தனியே சொன்னால் தாங்க ஆளில்லை, காற்றில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வாயால் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது: எழில் அண்டர்ஸ்கோர் தகதிமி அண்டர்ஸ்கோர் ஜீரோ செவன். பெயரை விட வால் நீளம். அந்த 7-ஐ ஒருவர் செவன் என்பார், ஒருவர் சாத் என்பார், உங்கள் சித்தி ஏழு என்பார். எண்ணும் அடிக்கோடும் கண்ணுக்கானவை, காதுக்கு அவை வெறும் இரைச்சல். official, queen, dance போன்ற ஒட்டுகளும் அப்படித்தான். அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பெயரை விட்டுவிடுவார்.

இப்போது கிங்கிணி. கிண்கிணி நம் பழைய சொல், காலில் கட்டும் சின்ன மணிச் சதங்கை. பிள்ளைத்தமிழில் குழந்தையின் காலில் ஒலிப்பது அதுதான். பேசும்போது ண் கரைந்து கிங்கிணி என்றாகிவிடும். வடமொழியிலும் இதே சொல் உண்டு, அதனால் இந்தியிலும் மராத்தியிலும் கவிதை படித்தவர்களுக்கு இது தெரிந்த சொல், பொருளும் அதே மணிதான். தெரியாதவர்களுக்கும் மோசமான பொருள் எதுவும் அதில் ஒட்டாது. உங்கள் காலில் சலங்கை இருக்கிறது, மேலே ஹூடி இருக்கிறது. ஆகவே பெயர் படத்தில் தெரியும். சலங்கை இல்லாமல் ஆடுபவராக இருந்திருந்தால் இந்தப் பெயரை நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒலி நன்றாக இருப்பதால் மட்டும் ஒரு பெயரை வைத்தால், அது ஆளோடு சேராமல் தனியே நிற்கும்.

கிங் என்பது குறிலும் ஒற்றும், நேர். கிணி இரண்டு குறில், நிரை. நேர் நிரை, கூவிளம். முதலில் ஊன்றி, பிறகு ஓடும் நடை. அடுத்து மினி, நிரை. தாளக் கணக்கில் வைத்தால் கிங் இரண்டு எண்ணிக்கை எடுத்துக்கொள்ளும், கி ஒன்று, ணி ஒன்று, ஆக நான்கு. சதுஸ்ரத்தில் ஓர் அடி சரியாக நிறைகிறது. இரண்டாவது அடியில் மி ஒன்று, னி ஒன்று, மீதி இரண்டு எண்ணிக்கை காலி. அந்தக் காலியிடம்தான் இந்தப் பெயரில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே இரண்டு கைத்தட்டு வைக்கலாம்:

கிங் – கி ணி | மி னி ✕ ✕

உரக்கச் சொல்லிப் பாருங்கள், இரண்டாவது முறை சொல்லும்போது கை தானாகத் தட்டும். கூட்டம் கூப்பிடுவதற்கு இடம் விட்டு வைத்த பெயர் அது. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓர் அடிக்கு முக்கால் நொடிக்கும் குறைவு, இரண்டு அடி சேர்ந்து சுமார் 1.3 நொடி. ஒரு ரீலின் கடைசியில் இதைச் சொல்லித் தட்டி முடிக்க அதுவே போதும்.

மினி கிங்கிணி என்று மாற்றி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது இரண்டு லேசான குறில், சத்தமான இடத்தில் அதைத்தான் காது முதலில் தவறவிடும். சயான் ஸ்டேஷனில் நின்று ஒருவரிடம் சொன்னால் அவருக்குக் கேட்பது '...கிங்கிணி' மட்டும்தான். இரண்டாவது அடியைக் கிங்கிணி முழுதாக நிரப்பிவிடுவதால் முடிவிலும் காலியிடம் கிடைக்காது. கனமான அசை முன்னால் வந்தால், கேட்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மீதி வந்து சேரும்.

ஒலி ஒப்புமையும் பாருங்கள். கி-யும் கி-யும் ஒரே சொல்லுக்குள் மோனை போல நிற்கின்றன. கிணி, மினி என்று கடைசியில் இயைபு விழுகிறது. ண-வும் ன-வும் வேறு என்று இலக்கணம் சொல்லும், உங்கள் தமிழாசிரியரும் சொல்வார். ஆனால் மேடைக்கு எதிரில் இருக்கும் பெரும்பாலான காதுகளுக்கு இரண்டும் ஒன்றே. எல்லா உயிரும் இ-யாக இருப்பது இன்னொரு பலன். மணி, சலங்கை போன்ற சின்ன உலோக ஒலிக்கு நம் மொழி இ-யைத்தான் தேடிப் போகிறது: கிணிங், கிலுகிலு, சிலிங். பெரிய தோல்கருவிக்கு டமடம, திடும் என்று அ-வும் உ-வும் வரும். உங்கள் பெயரைக் கேட்டதும் பொருள் தெரியாதவருக்கும் சின்னதாக, உலோகமாக, துள்ளலாக ஏதோ ஒன்று என்று தோன்றும். இதற்கெல்லாம் மேல், இங்கி பிங்கி பாங்கி சொல்லி ஆள் பிரிக்காத பிள்ளை நம் ஊரிலும் இல்லை, மும்பையிலும் இல்லை. அதே வார்ப்பில் இந்தப் பெயர் விழுவதால், காது இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இனி எழுத்துக்கோவை. முதலில் நான் kinkini என்று எழுதினேன், அகராதிப்படி அதுதான் சரி. எழுதி வைத்துவிட்டு ஆங்கிலம் படித்த ஒரு கல்லூரிப் பெண்ணின் கண்ணால் பார்த்தேன். முதல் ஐந்தெழுத்து kinki. அதோடு mini-யும் சேர்ந்தால், ஆடும் ஒரு இளம்பெண்ணின் கணக்குக்குக் கீழே எந்த மாதிரிக் கருத்துகள் வரும் என்று உங்களுக்கே தெரியும். உடனே அடித்துவிட்டேன். அகராதியை விட வாய் சொல்வதை நம்பலாம்: நாம் சொல்வது கிங்கிணி, மெல்லினத்துக்குப் பின் வரும் க, ஆகவே g. kingini. இப்போது கண் முதலில் பிடிப்பது king. கேட்டவர் எழுதுவதும் g-யைத்தான், ஏனென்றால் காதில் விழுந்தது அதுதான். ஐடியை எப்போதும் காதால் மட்டும் சோதித்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. சேர்த்து எழுதி, பக்கத்து எழுத்துகள் ஒட்டி வேறு சொல் முளைக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அந்த வேலையை நம்மை விட நன்றாகச் செய்பவர்கள் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், உங்கள் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒரு பலவீனம் உண்டு. kinginimini என்று சிறிய எழுத்தில் சேர்த்து எழுதினால் i, n, m எல்லாம் குச்சி குச்சியாக வரிசை கட்டி நிற்கும், கண்ணுக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது. kingini.mini என்று புள்ளி வைத்தால் பார்வைக்குத் தெளிவு. ஆனால் புள்ளியைக் காது கேட்காது, சொல்லும்போது 'டாட்' என்று ஓர் அடி சேரும், தாளம் போய்விடும். ஆகவே ஐடியில் புள்ளி வேண்டாம். அதற்குப் பதில், ஐடிக்கு மேலே வரும் பெயர் இடத்தில் இடைவெளி விட்டு, பெரிய எழுத்தோடு, தமிழையும் சேர்த்து எழுதுங்கள்:

```
kinginimini
Kingini Mini | கிங்கிணி மினி
```

இன்ஸ்டாகிராமில் தேடும்போது இந்தப் பெயர் இடமும் பார்க்கப்படுகிறது. அதனால் Kingini Mini என்று தேடுபவருக்கும் தமிழில் தட்டுபவருக்கும் வழி கிடைக்கும். ஐடி முப்பது எழுத்துக்குள் இருக்கலாம் என்று விதி இருந்தாலும், பதினொன்றில் நிற்பது வசதி, வீடியோ மூலையில் போட்டாலும் சிறிய திரையில் படிக்கலாம். மினிக்கு meeni, கிங்கிணிக்கு kingini-யின் கடைசியில் ee போடுபவர் ஓரிருவர் வரலாம். g-யை ஜ என்று படித்து 'கிஞ்சினி' என்பவரும் வரலாம். நீங்கள் வாயால் சொல்லித் தட்டும் ஒவ்வொரு வீடியோவும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே நான்கு பேரிடம் சோதித்தேன். பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, கீழே பெட்டிக்கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர், என்னை வழக்கமாக ஏற்றிப் போகும் இந்தி பேசும் ஆட்டோக்காரர், நான்காவதாகத் தூத்துக்குடியில் இருக்கும் என் மதினி, அவரிடம் போனில். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறை சொன்னேன், எழுத்துக் கூட்டவில்லை. வேறு பேச்சு பேசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, நான் சொன்ன பெயரை உங்கள் போனில் அடியுங்கள் என்றேன். மூன்று பேர் kingini mini என்றே அடித்தார்கள். ஆட்டோக்காரர் kingni mini என்று ஓர் i-யை விழுங்கினார். அதே நான்கு பேரிடம் தகிட என்பதை வைத்துச் செய்தபோது நான்கு விதமாக வந்தது. என் போனில் குரல் தட்டச்சும் செய்து பார்த்தேன், king, mini இரண்டும் வந்தன, நடுவில் இருப்பதை விட்டுவிட்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த ஆங்கிலச் சொல்லாக உடைப்பது அதன் பழக்கம், அதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். மனிதர்கள் உடைத்தால்தான் மாற்ற வேண்டும்.

நீங்களும் இதே சோதனையை உங்கள் ஆட்களிடம் செய்யுங்கள், ஆனால் தோழிகளிடம் வேண்டாம். அவர்களுக்கு உங்களைத் தெரியும், நல்லா இருக்கு என்பார்கள். நல்லா இருக்கா என்று யாரையும் கேட்காதீர்கள், அடியுங்கள் என்று மட்டும் கேளுங்கள். ஐந்தில் நான்கு பேர் ஒரே மாதிரி அடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தப்பினால், அந்த இடத்தில் எழுத்தை மாற்றிவிட்டு வேறு ஐந்து பேரிடம் போங்கள். ஒரு முறை கேட்டவரிடம் மறுபடி சோதிப்பதில் பயனில்லை.

மாற்றுவதற்கு முன் kinginimini, kingini.mini இரண்டையும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் தேடிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஐடி கிடைப்பது முக்கியம். ஒன்றில் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காவிட்டால், வால் ஒட்டி எடுக்காதீர்கள், மினியை விட்டு வேறு முடிவு வையுங்கள், ஆனால் இரண்டு எண்ணிக்கைக்கு மேல் போகாமல். கிடைத்தால் ஒரே நாளில் இரண்டிலும் எடுத்துவிடுங்கள். யூடியூபில் பதினான்கு நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும், இன்ஸ்டாகிராமின் பெயர் இடத்துக்கும் அதே கணக்கு. ஆகவே ஆசைக்கு மாற்றி மாற்றிப் பார்க்காமல், சோதனை முடிந்த பிறகே கை வையுங்கள். பழைய ஐடியை வைத்து யாராவது கொடுத்திருக்கும் இணைப்புகள் உடைந்துபோகும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், நிகழ்ச்சிக்காரர்களிடம் கொடுத்த விவரம் எல்லாவற்றிலும் அன்றே மாற்றிவிடுங்கள். முதல் ஒரு மாதம் அறிமுக வரியில் 'முன்பு ezhil_thakathimi_07' என்று ஒரு வரி இருக்கட்டும்.

மேடைக்கு ஒன்று. அறிவிப்பாளரிடம் ஐடியை எழுதிக் கொடுக்காதீர்கள். Kingini Mini என்று இரண்டு சொல்லாகப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் எதிரிலேயே ஒரு முறை சொல்லி, இரண்டு முறை கையைத் தட்டிக் காட்டுங்கள். அவர் மைக்கில் சொன்னதும் பின்னால் நிற்கும் உங்கள் ஆட்கள் அந்த இரண்டு தட்டையும் போட்டால், அடுத்த முறை முன்வரிசையும் போடும். பெயருக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நொடி விடச் சொல்லுங்கள். பாட்டு உடனே தொடங்கினால் அந்தத் தட்டு அமுங்கிப்போகும்.

ரீலிலும் இதேதான். பெயரைத் தொடக்கத்தில் சொன்னால் ஆட்டம் பார்க்க வந்தவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார், ஆகவே கடைசி அடவு முடியும் இடத்தில் வையுங்கள். கிங் என்னும்போது வலது பாதத்தைப் பதித்துத் தட்டுங்கள், சலங்கை அங்கேதான் நன்றாகப் பேசும். கிணியில் குதிகால், மினியில் கால் மாற்றம், பிறகு இரண்டு கைத்தட்டு. பாட்டின் வேகம் 90-லிருந்து 120 வரை இருந்தால் இது அப்படியே உட்காரும். அதைவிட வேகமான குத்துப் பாட்டில் நான்கு எண்ணிக்கையை ஓர் அடிக்குள் அடக்காமல் இரண்டு அடிக்கு நீட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிங்கிணி வெறும் கிங்ணி ஆகிவிடும். பின்னணிப் பாட்டின் ஒலியை அந்த ஒன்றேகால் நொடிக்குக் குறைத்துவிட்டு, சலங்கையையும் உங்கள் குரலையும் மட்டும் விடுங்கள். குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும், ண-வை நம் ஊர் ண-வாகவே சொல்லுங்கள்.